ஸ்பானியப் பழமொழிகளும் தமிழ்ப் பழமொழிகளுக்கான ஸ்பானிய ஈடுகளும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஸ்பானியர்கள் பழமொழியை என்னவென்று சொல்கிறார்கள்? நம்மைப் போல அவர்களும் பேச்சில் அதிகம் பயன்படுத்துகிறார்களா?

பொதுமக்கள் வாயில் வழங்கும் பழமொழியை அவர்கள் 'ரெஃப்ரான்' என்கிறார்கள். பேச்சின் நடுவே ஒன்றை எடுத்து வைக்கும்போது 'கோமோ தீசே எல் ரெஃப்ரான்', அதாவது 'பழமொழியில் சொல்வது போல', என்று தொடங்குவதும் உண்டு. சலமான்காவில் பேராசிரியராக இருந்த கொன்சாலோ கொர்ரேயாஸ் 1627-லேயே ஒரு பெருந்தொகுப்பைச் செய்து முடித்திருந்தார் என்பதிலிருந்து, இவற்றைச் சேகரிக்கும் ஆர்வம் அங்கே எவ்வளவு பழையது என்று தெரிந்துகொள்ளலாம்.

புழக்கத்தைப் பற்றி அறிய செர்வான்டெஸின் 'தோன் கிஹோத்தே' நாவலே போதும். நாயகனின் பணியாளான, எழுதப் படிக்கத் தெரியாத சான்சோ பான்சா வாயைத் திறந்தால் பழமொழிகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்து விழும். 1615-இல் வெளிவந்த இரண்டாம் பாகத்தில் ஓர் இடத்தில் எசமானன் பொறுமை இழந்து, அறுபதாயிரம் சாத்தான்கள் உன்னையும் உன் பழமொழிகளையும் கொண்டுபோகட்டும் என்று சபிக்கிறான். அதற்குச் சான்சோ, தன்னிடம் இருக்கும் ஒரே சொத்து பழமொழிகள்தாம் என்றும், அதைச் செலவழித்தால் யாருக்கு என்ன என்றும் கேட்கிறான். தமிழ்க் கதைகளில் பழமொழி பேசும் பாட்டிகளை ஸ்பானியத்துக்குக் கொண்டுபோக விரும்புகிறவர்கள், அந்த மொழியில் அப்படிப் பேசும் பாத்திரத்துக்கு ஏற்கெனவே இடம் இருக்கிறது என்ற நம்பிக்கையோடு தொடங்கலாம்.

தமிழில் வரும் அதே பொருள் ஸ்பானியப் பழமொழியிலும் வந்தால், அதைக் கண்ணை மூடிக்கொண்டு ஈடாக வைத்துவிடலாமா?

சில இடங்களில் வைக்கலாம். 'தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்காதே' என்பதற்கு 'அ கபாயோ ரெகலாதோ, நோ லே மீரெஸ் எல் தியென்தே' என்ற பழமொழி அப்படியே பொருந்துகிறது. 'பரிசாக வந்த குதிரையின் பல்லைப் பார்க்காதே' என்பது அதன் பொருள். பல்லைப் பார்த்து விலங்கின் வயதைக் கணிப்பது இரு நாட்டுச் சந்தைகளுக்கும் பொது வழக்கம் என்பதால், மாடு குதிரையானதைத் தவிர வேறு எதுவும் மாறவில்லை.

'கழுதைக்குத் தெரியுமா கற்பூர வாசனை' என்பதும் இதே போன்றது. 'நோ சே ஈசோ லா மியேல் பாரா லா போகா தெல் அஸ்னோ' என்றால் 'கழுதையின் வாய்க்காகத் தேன் உண்டாகவில்லை' என்று பொருள். இரண்டிலும் கழுதை இருக்கிறது. அருமை தெரியாதவர் என்ற ஏளனமும் இரண்டிலும் ஏறக்குறைய ஒரே அளவில் இருக்கிறது. கற்பூரத்தோடு சேர்ந்து வரும் பூசை மணம் மட்டும் தேனில் இல்லை. கோயில் சார்ந்த காட்சியாக இருந்தால் ஒழிய அது பெரிய இழப்பாகாது.

ஆனால், இந்த இரண்டும் பொருந்தியதைப் பார்த்துப் பழகிய கைதான் அடுத்த கேள்வியில் வரும் இடத்தில் வழுக்குகிறது.

'கொல்லன் தெருவில் ஊசி விற்றாற் போல' என்பதற்கு, கொல்லன் வரும் 'என் காசா தே எர்ரேரோ, குச்சீயோ தே பாலோ' பொருந்தும்தானே?

பொருந்தாது. மொழிபெயர்ப்பு வகுப்புகளில் பலர் முதலில் எட்டிப் பிடிப்பது இதைத்தான் என்பதால் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும்.

அந்த ஸ்பானியப் பழமொழியின் நேர்ப்பொருள் 'கொல்லன் வீட்டில் மரக்கத்தி' என்பதாகும். ஊருக்கெல்லாம் இரும்புக் கத்தி அடித்துக் கொடுக்கிறவன் வீட்டில், சோற்றுக்கு வைத்திருப்பது மரக்கத்தி. எது நிறைந்திருக்க வேண்டுமோ அது அந்த இடத்திலேயே இல்லாமல் போவதைச் சொல்வது அது. தையல்காரர் கிழிந்த சட்டையோடு திரியும்போதும், மருத்துவர் தம் நோயைக் கவனிக்காமல் விடும்போதும் ஸ்பானியர்கள் இதைச் சொல்வார்கள். தமிழ்ப் பழமொழியோ நேர்மாறான நிலையைச் சொல்கிறது. கொல்லர்கள் நிறைந்த தெருவில் ஊசிக்குப் பஞ்சமே இல்லை. அங்கே போய் ஊசி விற்கிறவனின் அறியாமைதான் அதன் குறி. ஸ்பானியத்தில் குறைபடுவது கொல்லன். தமிழில் குறைபடுவது விற்க வந்தவன்.

ஒரு காட்சியில் வைத்துப் பார்த்தால் கேடு எவ்வளவு என்பது விளங்கும். ஐம்பது ஆண்டுகள் நெல் விளைவித்த தாத்தாவிடம், நகரத்தில் படித்துவிட்டு வந்த பேரன் நாற்று நடுவது எப்படி என்று விளக்கிக்கொண்டிருக்கிறான். அதைக் கேட்டுக்கொண்டிருந்த அத்தை, "கொல்லன் தெருவுல ஊசி விக்க வந்துட்டான் பாரு" என்கிறாள். இங்கே மரக்கத்திப் பழமொழியை வைத்தால், 'இவ்வளவு காலம் விவசாயம் பார்த்தும் இந்த வீட்டில் விவசாயம் தெரிந்தவர் இல்லை' என்று ஸ்பானிய வாசகர் எடுத்துக்கொள்வார். பேரனைக் குத்த வேண்டிய சொல் தாத்தாவைக் குத்திவிடும். வாக்கியம் இலக்கணப்படி சரியாக இருப்பதால், மெய்ப்புப் பார்ப்பவர் கண்ணிலும் இது படாது.

சரியான ஈடு 'பெந்தேர் மியேல் அல் கோல்மெனேரோ', அதாவது 'தேனீ வளர்ப்பவனிடம் தேன் விற்பது'. இதே பொருளில் 'யேபார் இயேர்ரோ அ பிஸ்காயா', 'பிஸ்காயாவுக்கு இரும்பு கொண்டுபோவது', என்ற வழக்கும் உண்டு. ஸ்பெயினின் வடகடற்கரையில் பில்பாவோ நகரைச் சூழ்ந்த பிஸ்காயா, இரும்புத் தாதுக்குப் பேர்போன பகுதி. இரும்பைப் பார்த்ததும் ஊசிக்கு இதுவே நெருக்கம் என்று தோன்றும். இருந்தும் நான் தேனையே தேர்ந்தெடுப்பேன். தஞ்சாவூர்ப் பக்கத்து அத்தை வாயில் பிஸ்காயா என்ற ஊர்ப்பெயர் வந்தால், வாசகர் கதைக்களத்தை விட்டு ஒரு நொடி வெளியே போய்விடுவார். தேனும் தேனீ வளர்ப்பவரும் எந்த ஊரிலும் இருக்கக்கூடியவர்கள். 'பேரன் தேனீக்காரரிடமே தேன் விற்கப் பார்க்கிறான்' என்று அத்தை சொன்னால், குத்து போக வேண்டியவன் மீது போகிறது, ஊரும் மாறவில்லை.

ஒரே தமிழ்ப் பழமொழிக்கு இரண்டு மூன்று ஸ்பானியப் பழமொழிகள் பொருந்துவது போலத் தெரிந்தால் எதை எடுப்பது?

'பூவோடு சேர்ந்த நாரும் மணக்கும்' என்பதை எடுத்துக்கொள்வோம். இதற்கு ஈடாகத் தோன்றக்கூடிய மூன்று பழமொழிகளைச் சான்சோவே ஒரே மூச்சில் சொல்கிறான். கோமகன் வீட்டு விருந்து மேசையில், 'உன் எசமானன் ஒரு தீவைத் தருவதாக வாக்களித்த சான்சோ பான்சா நீதானா' என்று அங்கிருந்த பாதிரியார் ஏளனமாகக் கேட்கிறார். ஆமாம் நான்தான் என்று சொல்லிவிட்டு, சான்சோ அடுக்குகிறான்: 'ஹூந்தாதே அ லோஸ் புவேனோஸ் இ செராஸ் ஊனோ தே எயோஸ்' (நல்லவர்களோடு சேர், நீயும் அவர்களில் ஒருவனாவாய்), 'நோ கோன் கியென் நாசெஸ், சீனோ கோன் கியென் பாசெஸ்' (யாரோடு பிறந்தாய் என்பதல்ல, யாரோடு மேய்கிறாய் என்பதே காரியம்), 'கியென் அ புவென் ஆர்போல் சே அர்ரீமா, புவேனா சோம்ப்ரா லே கோபீஹா' (நல்ல மரத்தை அண்டியவனுக்கு நல்ல நிழல் கிடைக்கும்).

மூன்றையும் ஒருவனே சொன்னாலும் மூன்றும் ஒன்றல்ல. முதலாவது, சேர்ந்தவனே மாறிவிடுகிறான் என்கிறது. இரண்டாவது, பிறப்பைவிடப் பழக்கம் பெரிது என்று வாதிடுகிறது. மூன்றாவதில் மாற்றமே இல்லை. பெரிய இடத்தை அண்டியவனுக்குப் பாதுகாப்புக் கிடைக்கிறது, அவ்வளவுதான். இன்றைய ஸ்பானியப் பேச்சில் மரநிழல் பழமொழி, செல்வாக்குள்ளவர் ஆதரவால் வேலையோ பதவியோ கிடைத்ததைச் சொல்லவும் வருவதால், அதில் சிபாரிசு வாடையும் கொஞ்சம் வீசும்.

இப்போது நாரைப் பார்க்க வேண்டும். நார் மணக்கிறது, ஆனால் அது பூவாகிவிடுவதில்லை, நாராகவே இருக்கிறது. இந்தப் பணிவுதான் அந்தப் பழமொழியின் உயிர். நாதசுர வித்துவானிடம் முப்பது ஆண்டுகள் ஒத்து ஊதிய ஒருவர், தம்மைப் பாராட்டுகிறவரிடம் "பூவோடு சேர்ந்த நார்தானுங்க" என்று சொல்லும்போது, 'நானும் அவர்களில் ஒருவனானேன்' என்ற முதல் பழமொழியை வைத்தால் அவர் தற்பெருமைக்காரராகிவிடுவார். மரநிழலை வைத்தால், குருவை அண்டிப் பிழைத்தவராகிவிடுவார். இரண்டும் அவருக்குச் செய்யும் அநியாயம்.

ஆகவே இந்த இடத்தில் ஈடு தேடுவதை விட்டுவிட்டு, பழமொழியை அப்படியே எடுத்துச் செல்வதே நல்லது: 'அஸ்தா எல் ஈலோ கே ஆதா லாஸ் ஃப்லோரெஸ் உவேலே அ ஃப்லோர்', அதாவது 'பூக்களைக் கட்டும் நூல்கூடப் பூவாக மணக்கிறது'. இதைப் புரிந்துகொள்ள எந்த ஸ்பானிய வாசகருக்கும் விளக்கம் தேவையில்லை. வாழைநார் நூலாக மாறியது ஒரு விட்டுக்கொடுப்புத்தான். நார் என்பதற்கு நேரான சொல்லை வைத்தால் உணவில் உள்ள நார்ச்சத்துதான் வாசகருக்கு முதலில் நினைவுக்கு வரும். அதே பழமொழியை, பெரிய மனிதர் தயவில் ஒப்பந்தம் பெற்ற ஒருவரைப் பற்றி ஊரார் நக்கலாகச் சொன்னால், அங்கே மரநிழல் கச்சிதமாகப் பொருந்தும்.

தமிழில் பல பழமொழிகள் 'போல' என்று முடிகின்றன. ஸ்பானியப் பழமொழிகள் அப்படி இல்லையே, என்ன செய்வது?

வாக்கியத்தை உடைத்து மறுபடி கட்ட வேண்டும். "வளர்த்த கடா மார்பில் பாய்ந்தது போல என் தம்பியே எனக்கு எதிராகச் சாட்சி சொன்னான்" என்ற வாக்கியத்தில் பழமொழி ஓர் உவமையாக, நடந்த செயலோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஸ்பானிய ஈடு 'க்ரீயா குவேர்போஸ் இ தே சகாரான் லோஸ் ஓஹோஸ்'. 'காகங்களை வளர்த்துப் பார், உன் கண்ணையே பிடுங்கும்' என்று அது ஏவலாக நிற்கிறது. பொருள் மிகச் சரியாகப் பொருந்துகிறது: ஊட்டி வளர்த்தவனுக்கே கேடு செய்யும் நன்றிகெட்டதனம். ஆனால் அதற்கு முன்னால் 'கோமோ' என்ற உவமச் சொல்லைப் போட்டு வாக்கியத்துக்குள் திணித்தால் படிக்கவே கரடுமுரடாக இருக்கும்.

செய்ய வேண்டியது இதுதான்: முதலில் 'என் தம்பியே எனக்கு எதிராகச் சாட்சி சொன்னான்' என்ற செய்தியை ஒரு முழு வாக்கியமாக முடித்துவிட வேண்டும். அடுத்து 'க்ரீயா குவேர்போஸ்...' என்று முதல் இரண்டு சொற்களை மட்டும் தனியே வைத்து நிறுத்த வேண்டும். கண்ணைப் பிடுங்கும் பாதியைச் சொல்லவே தேவையில்லை; கேட்பவர் மனத்தில் அது தானாக நிறைவுறும். பாதிப் பழமொழியோடு நிறுத்திக்கொள்வது ஸ்பானியப் பேச்சில் மிகவும் இயல்பு. முழுப் பழமொழியையும் எழுதுவதே பல இடங்களில் பாடப்புத்தக வாடையைக் கொடுத்துவிடுகிறது.

'ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா' என்பதற்கு மரம் வரும் பழமொழி ஒன்று இருப்பதாகச் சொல்கிறார்களே?

இருக்கிறது: 'ஆர்போல் கே நாசே தோர்சீதோ, ஹமாஸ் சு த்ரோன்கோ எந்தெரேசா', அதாவது 'கோணலாகப் பிறந்த மரத்தின் அடி ஒருபோதும் நிமிராது'. ஆனால் அதில் உள்ள 'நாசே' என்ற சொல் 'பிறக்கிறது' என்பதைக் குறிக்கிறது. நம்முடைய பழமொழி பிறவியைப் பழிக்கவில்லை. சிறு வயதில் பழக்காமல் விட்டதைக் குறை சொல்கிறது. பள்ளி ஆசிரியர் ஒருவர் பெற்றோரை எச்சரிக்கும் இடத்தில் கோணல் மரத்தைச் சொன்னால், 'உங்கள் பிள்ளை பிறவியிலேயே கோணல்' என்று ஆகிவிடும். 'நாசே' என்ற இடத்தில் 'வளர்கிறது' என்ற பொருளுடைய 'க்ரேசே' வரும் வடிவமும் வழங்குகிறது; ஆசிரியருக்கு அதுதான் உகந்தது.

ஐம்பது வயதுக்காரர் ஒருவர் கணினி கற்கத் தயங்கிக்கொண்டு தம்மைப் பற்றியே சொன்னால், 'லோரோ பியேஹோ நோ அப்ரெந்தே அ அப்லார்', 'கிழக்கிளி பேசப் பழகாது', என்பதே இயல்பாக இருக்கும்.

ஸ்பெயினில் சொல்வதை மெக்சிகோவிலோ அர்ஜென்டினாவிலோ அப்படியே சொல்வார்களா?

பெரும்பகுதி பொது. சில பழமொழிகள் நாட்டுக்கு நாடு வேறுபடும். 'கமரோன் கே சே துவேர்மே, சே லோ யேபா லா கோர்ரியென்தே' (தூங்கும் இறாலை நீரோட்டம் அடித்துக்கொண்டு போகும்) லத்தீன் அமெரிக்காவில் தழைத்தது. 'யானைக்கும் அடி சறுக்கும்' என்பதற்கு 'எல் மெஹோர் எஸ்க்ரிபானோ ஏச்சா உன் போர்ரோன்' (கைதேர்ந்த எழுத்தரும் மையைச் சிந்துவார்) என்பதும், 'அல் மெஹோர் கசதோர் சே லே பா லா லியேப்ரே' (கைதேர்ந்த வேடனிடமிருந்தும் முயல் தப்பும்) என்பதும் உண்டு. கிராமத்துக் கதைக்கு வேடனும், அலுவலகக் காட்சிக்கு எழுத்தரும் ஒத்துப்போவார்கள். பதிப்பகம் எந்த நாட்டில் இருக்கிறது என்று முதலிலேயே கேட்டுக்கொண்டு, அந்த நாட்டைச் சேர்ந்த ஒருவரிடம் அந்தப் பத்தியை மட்டுமாவது வாய்விட்டுப் படிக்கச் சொல்லுங்கள். அவர் பழமொழியில் தடுக்கி நின்றால் அதை மாற்றிவிடலாம்.

ஈட்டை எங்கே, எப்படித் தேடுவது?

செர்வான்டெஸ் நிறுவனத்தின் இணையதளத்தில் உள்ள Refranero multilingüe என்ற பன்மொழிப் பழமொழித் தொகுப்பு நம்பகமான இடம். ஹூலியா செவியா முனியோஸ் போன்ற பழமொழி ஆய்வறிஞர்கள் உருவாக்கியது. இந்தத் துறையினர் தேடுவதற்கு இரண்டு முதன்மையான வழிகளைச் சொல்கிறார்கள். பழமொழியில் வரும் விலங்கையோ பொருளையோ ஆளையோ வைத்துத் தேடுவது ஒன்று. உள்ளே இருக்கும் கருத்தை வைத்துத் தேடுவது மற்றொன்று. முதல் வழியில் போனால் கழுதைக்குக் கழுதை கிடைக்கும். கொல்லனுக்கு மரக்கத்தியும் கிடைக்கும். அதனால் முதல் வழியில் கிடைத்ததை இரண்டாம் வழியில் சோதிக்காமல் எடுத்துக்கொள்ளக் கூடாது.

ஒரு பழமொழியின் பக்கத்தைத் திறந்ததும் Ideas clave என்ற வரியைப் பாருங்கள். அந்தப் பழமொழியின் மையக் கருத்து ஓரிரு சொற்களில் அங்கே இருக்கும். அதைவிட முக்கியமானது Marcador de uso என்ற வரி. அந்தப் பழமொழி இன்று பெரிதும் வழங்குகிறதா, அரிதாகிவிட்டதா, வழக்கொழிந்துவிட்டதா என்பதை அது சொல்லும். பழைய தொகுப்புகளில் பொருள் அழகாகப் பொருந்தும் பழமொழிகள் குவிந்து கிடக்கின்றன. ஆனால் டீக்கடையில் பேசும் இளைஞன் வாயில் 17-ஆம் நூற்றாண்டுச் சொல்லை வைத்தால் அவன் வயது கூடிவிடும்.

எந்த ஈடுமே இல்லாத பழமொழியை என்ன செய்வது? உதாரணமாக, 'ஆடிப்பட்டம் தேடி விதை'.

மாதங்களைச் சொல்லும் பழமொழிகள் ஸ்பானியத்தில் ஏராளம். 'என் அப்ரீல், ஆகுவாஸ் மில்' (ஏப்ரலில் ஆயிரம் மழை) என்பதும், 'மே நாற்பதாம் தேதி வரை மேலங்கியைக் கழற்றாதே' என்பதும் சிறு பிள்ளைகளுக்கும் தெரியும். மே நாற்பது என்றால் ஜூன் 9. ஆனால் இவற்றில் எதையும் ஆடிப்பட்டத்துக்கு ஈடாக வைக்க முடியாது. ஜூலை நடுவில் தொடங்கும் ஆடி, நமக்கு விதைப்புக் காலம். ஸ்பெயினின் கோதுமை வயல்களுக்கு அது அறுவடையும் வறட்சியும் சேர்ந்த காலம். அங்கே கோதுமை விதைப்பது இலையுதிர் காலத்தில். அவர்களுடைய மாதத்தை வைத்தால் நம் வயலில் பயிர் காய்ந்துவிடும்.

பழமொழியை மாற்ற முடியாதபோது, அவர்களுடைய பழமொழியின் கட்டமைப்பை மட்டும் கடன் வாங்கலாம். 'என் அப்ரீல்' என்று தொடங்கும் அச்சிலேயே 'என் ஆடி, அ செம்ப்ரார்', அதாவது 'ஆடி வந்தால் விதைக்கப் போ', என்று எழுதினால், ஆடி என்பது ஒரு மாதம் என்பதும், இது விவசாயிகளின் பழமொழி என்பதும் அந்த அமைப்பிலேயே வாசகருக்குத் தெரிந்துவிடும். பக்கத்து வாக்கியத்தில் முதல் மழையையோ, ஆற்றில் புதுவெள்ளம் வந்ததையோ கதாசிரியர் சொல்லியிருந்தால் வேறு உதவியே தேவைப்படாது.

அடிக்குறிப்பு போட்டுவிட்டால் போதாதா?

ஆய்வுப் பதிப்பிலும் பழமொழித் தொகுப்பிலும் போதும். சிறுகதையில், அதுவும் உரையாடலுக்கு நடுவில், வேண்டாம். ஒருவர் மற்றவரை வாயடைக்கச் சொன்ன சொல்லைப் புரிந்துகொள்ள வாசகர் பக்கத்தின் அடிக்குப் போய்த் திரும்பி வருவதற்குள் அந்த அடியின் வேகம் தணிந்துவிடுகிறது. கதாபாத்திரமே 'எங்கள் ஊரில் சொல்வார்கள்' என்று ஒரு சொல் கூட்டிச் சொல்வது அதைவிட மேல். அதையும் ஒரு கதையில் ஓரிரு முறைக்கு மேல் செய்தால், தம் ஊர்க்காரர்களிடமே ஊர் வழக்கத்தை விளக்கிக்கொண்டிருப்பவராக அந்தப் பாத்திரம் தோன்றத் தொடங்கும்.